முகத்தை நடுவில் வைத்துச் சதுரமாக வெட்டுதல்: ஓப்பன்சிவி குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படங்களைக் கையாளும் நிரல் நூலகமான ஓப்பன்சிவி முகத்தைச் சுற்றி ஒரு கட்டம் தருகிறதே, அதை அப்படியே வெட்டிக்கொண்டால் போதாதா?

போதாது. அந்தக் கட்டம் முகத்துக்கு உரியது, தலைக்கு உரியது அன்று. நெற்றியின் மேற்பகுதியிலிருந்து மோவாய் வரைக்கும், ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னம் வரைக்குமே அது நிற்கும். தலைமுடி, காதுகள், கழுத்து ஆகியவை பெரும்பாலும் வெளியே போய்விடும். அதை அப்படியே வெட்டினால் கண்ணாடிச் சில்லில் தெரியும் முகம்போல ஒரு துண்டுதான் கிடைக்கும், அதைப் பார்த்து இன்னார் என்று சொல்வதே கடினம். நாம் ஒருவரை அவருடைய தலையின் வடிவத்தாலும், முடி அமைப்பாலும், தோளின் தொடக்கத்தாலும் சேர்த்தே அடையாளம் காண்கிறோம்.

அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் ஒரு பள்ளியின் முன்னாள் மாணவர் பட்டியலில் ஒவ்வொரு பெயரோடும் காட்டும் சிறு முகப்படமான அவதாருக்காக இந்த வேலையைச் செய்யத் தொடங்கியபோது, முகத்தைக் கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை என்று நான் எண்ணியிருந்தேன். அது ஒரே நாளில் முடிந்தது. கிடைத்த முகத்தைச் சுற்றி எவ்வளவு பெரிய சதுரம் போடுவது, அந்தச் சதுரம் படத்துக்கு வெளியே போனால் என்ன செய்வது, பல முகங்கள் இருந்தால் எது உரியவருடையது என்னும் மூன்று கேள்விகள்தாம் மாதக்கணக்கில் நேரம் எடுத்தன. ஆகவே இந்தப் பக்கமும் அவற்றுக்கே அதிக இடம் தருகிறது.

ஹார் முறையைப் பயன்படுத்துவதா, யுநெட்டைப் பயன்படுத்துவதா?

யுநெட்டைப் பயன்படுத்துங்கள். ஹார் முறை பால் வயோலாவும் மைக்கேல் ஜோன்ஸும் 2001-இல் வெளியிட்ட வழியைச் சேர்ந்தது. கண் பகுதி கன்னத்தைவிட இருண்டிருக்கும், மூக்குத்தண்டு இருபுறத்தையும்விட வெளிச்சமாக இருக்கும் என்பது போன்ற ஒளி வேறுபாடுகளை அடுக்கடுக்காகச் சோதித்து அது முகம் என்று முடிவு செய்கிறது. நேராகக் கேமராவைப் பார்க்கும் முகத்துக்கு அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் தலை சற்றுச் சாய்ந்தாலோ, வெயிலுக்கு எதிரே நின்று முகம் இருண்டுபோனாலோ தவறவிடும், சட்டையின் மடிப்பையும் சன்னல் கம்பியையும் முகம் என்று சொல்லவும் செய்யும்.

யுநெட் என்பது சிறிய நரம்பு வலைப்பின்னலாலான ஒரு மாதிரி. ஓப்பன்சிவி 4.5.4 பதிப்பிலிருந்து `FaceDetectorYN` என்ற பெயரில் அதை அழைக்கலாம், ஆனால் கீழே உள்ள 2023mar கோப்புக்கு 4.8 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும். மாதிரிக் கோப்பைத் தனியே பதிவிறக்கிக்கொள்ள வேண்டும், அதன் அளவு சில நூறு கிலோபைட்டுகளே. கட்டத்தோடு இரண்டு கண்கள், மூக்கு நுனி, வாயின் இரண்டு ஓரங்கள் ஆகிய ஐந்து புள்ளிகளையும், எவ்வளவு உறுதியாக அதை முகம் என்று கருதுகிறது என்னும் மதிப்பையும் அது தருகிறது.

```python
det = cv2.FaceDetectorYN.create(
    "face_detection_yunet_2023mar.onnx", "", (320, 320), 0.7)

def faces_in(img):
    H, W = img.shape[:2]
    s = min(1.0, 640 / max(H, W))
    small = cv2.resize(img, None, fx=s, fy=s,
                       interpolation=cv2.INTER_AREA)
    det.setInputSize((small.shape[1], small.shape[0]))
    _, f = det.detect(small)
    return [] if f is None else f[:, :4] / s
```

படத்தை முதலில் சிறிதாக்கியிருப்பதைக் கவனியுங்கள். இது வேகத்துக்காக மட்டும் செய்யப்பட்டதன்று. இந்த மாதிரி ஏறத்தாழ 10 பிக்சல் முதல் 300 பிக்சல் வரை உள்ள முகங்களுக்காகப் பயிற்றுவிக்கப்பட்டது. இன்றைய கைபேசியில் கையை நீட்டி எடுத்த தற்படத்தில் முகம் மட்டுமே 1500 பிக்சல் இருக்கக்கூடும். அதை அப்படியே கொடுத்தால், மனிதக் கண்ணுக்கு எல்லாவற்றையும்விடத் தெளிவாகத் தெரியும் முகத்தை அது காணாமல் விட்டுவிடும். நீண்ட பக்கத்தை 640 பிக்சலாகக் குறைத்துக் கண்டறிந்துவிட்டு, கிடைத்த எண்களை அதே விகிதத்தால் வகுத்து மூலப் படத்துக்குக் கொண்டுவருவதே முறை. வெட்டுவது எப்போதும் மூலப் படத்தில்தான் நடக்க வேண்டும்.

இன்னொன்று: `setInputSize` அகலத்தை முதலிலும் உயரத்தை அடுத்தும் கேட்கிறது, `shape` உயரத்தை முதலில் தருகிறது. மாற்றிக் கொடுத்துவிட்டுப் பிழைச் செய்தியைப் பார்த்துத் திகைப்பவர்கள் பலர்.

சதுரத்தின் பக்கத்தை எத்தனை மடங்கு வைக்க வேண்டும்?

யுநெட் தரும் கட்டத்தின் உயரத்தை அளவுகோலாகக் கொண்டால், 2.2 மடங்கு நல்ல தொடக்கம். இதற்குக் காரணத்தைக் கணக்கிட்டே பார்க்கலாம். கட்டத்துக்கு மேலே தலைமுடி பொதுவாகக் கட்ட உயரத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை எழும்புகிறது. கட்டத்தின் நடுவிலிருந்து அளந்தால் முடியின் உச்சி 0.8 மடங்கு தொலைவில் இருக்கும். 2.2 மடங்குச் சதுரத்தில் பாதிப் பக்கம் 1.1 மடங்கு. ஆகவே முடிக்கு மேலே 0.3 மடங்கு வெற்றிடம் நிற்கும், மோவாய்க்குக் கீழே 0.6 மடங்கில் கழுத்தும் தோளின் தொடக்கமும் வரும்.

இன்று பெரும்பாலான தளங்களும் செயலிகளும் சதுரத்தை வட்டமாகவே காட்டுகின்றன என்பதையும் மறக்கக் கூடாது. சதுரத்துக்குள் அடங்கும் வட்டம் அதன் பரப்பில் 78.5 விழுக்காடுதான், நான்கு மூலைகளும் மறைந்துவிடும். உச்சிக்கு நேர்மேலே இருப்பது தப்பிக்கும், பக்கவாட்டில் உயரமாக இருப்பது தப்பாது. பிச்சிப்பூவைக் காதுக்குப் பின்னாலிருந்து தோளில் சரியவிட்டிருக்கும் பெண்களின் படத்திலும், முக்காடிட்டவர்களின் படத்திலும், தலைப்பாகை கட்டிய பெரியவர்களின் படத்திலும் 1.8 மடங்கு என்று இறுக்கினால் வட்டம் அவற்றை அரிவாளால் வெட்டியதுபோல நறுக்கிவிடும். ஆங்கிலப் பக்கங்களிலிருந்து எடுக்கப்படும் எண்கள் பெரும்பாலும் திறந்த தலைக்கும் குட்டை முடிக்கும் பொருந்துபவை. எங்கள் ஊர்ப் படங்களுக்கு 2.2-க்குக் கீழே தொடங்குவதை நான் விரும்புவதில்லை.

ஹார் முறையில் கிடைக்கும் கட்டம் எப்போதும் சதுரமாக இருக்கும், யுநெட்டின் கட்டமோ பெரும்பாலும் அகலத்தைவிட உயரமாக இருக்கும். ஆகவே ஒன்றுக்குச் சரிபார்த்த மடங்கை மற்றொன்றுக்கு எடுத்துச் செல்லக் கூடாது. முறையை மாற்றினால் இருபது படங்களையாவது வைத்து மடங்கை மறுபடியும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முகம் படத்தின் விளிம்புக்கு அருகில் இருக்கும்போது `!ssize.empty()` என்று பிழை வருகிறது. என்ன செய்வது?

சதுரம் படத்துக்கு வெளியே போய்விட்டது, அதனால் நீங்கள் வெட்டிய துண்டு வெறுமையாகிவிட்டது. அந்த வெறுமையை `resize` வாங்க மறுக்கிறது. உண்மையான எண்களோடு இதைப் பார்த்துவிடுவோம்.

வாட்ஸ்அப் வழியாக வந்த 1200×1600 படம் ஒன்று. ஒருவர் பாபநாசம் படித்துறையில் நிற்கிறார். படம் எடுத்தவர் ஆற்றையும் காட்ட விரும்பியதால் தலை மேல் விளிம்பை ஒட்டிப் போய்விட்டது. யுநெட் தரும் கட்டம் இடமிருந்து 520, மேலிருந்து 90, அகலம் 240, உயரம் 320. நடுப்புள்ளி 640, 250. பக்கம் 2.2 மடங்கு என்றால் 704, அதில் பாதி 352. சதுரத்தின் மேல் எல்லை 250 − 352, அதாவது −102.

படத்தை எண்களின் அணியாக வைத்திருக்கும் நம்பை நூலகம் −102 என்பதைப் பிழையாகக் கருதாது. கடைசியிலிருந்து 102-ஆவது வரிசை, அதாவது 1498 என்று எடுத்துக்கொள்ளும். 1498-இல் தொடங்கி 602-இல் முடியும் துண்டு எதுவும் இல்லை, ஆகவே வெறுமை. இங்கே பிழை வந்தது உங்கள் நல்வாய்ப்பு. இதே எண்கள் 650 வரிசை மட்டுமே உயரமுள்ள படத்தில் வந்திருந்தால் −102 என்பது 548 ஆகியிருக்கும். 548 முதல் 602 வரை 54 வரிசைகள் கிடைத்திருக்கும், `resize` அந்தப் பட்டையை இழுத்துச் சதுரமாக்கியிருக்கும், ஒரு செய்தியும் வந்திருக்காது. இடுப்புத்துணியின் கோடு ஒருவருடைய அவதாராகப் பட்டியலில் ஏறியிருக்கும்.

தீர்வுக்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, சதுரத்தைச் சுருக்குதல். நடுப்புள்ளியிலிருந்து மிக அருகில் உள்ள விளிம்பு 250 பிக்சல் தொலைவில் இருப்பதால் பக்கம் 500 ஆகும். இது 1.56 மடங்குதான். முகம் துல்லியமாக நடுவில் நிற்கும், ஆனால் படம் முழுவதும் முகமாகிப் பக்கத்திலுள்ள மற்றவர்களின் அவதார்களோடு ஒட்டாமல் பூதாகரமாகத் தெரியும். இரண்டாவது, சதுரத்தை அளவு மாற்றாமல் கீழே நகர்த்துதல். மேல் எல்லை 0 ஆகும், முகத்தின் நடு 704-இல் 250 என்னும் இடத்தில், அதாவது மேலிருந்து 36 விழுக்காட்டில் நிற்கும். வட்டத்துக்குள் தலை மேலே முட்டிக்கொண்டு, கீழே சட்டை நிறைந்து தெரியும். மூன்றாவது, `copyMakeBorder` கொண்டு மேலே 102 வரிசைகளைச் சேர்த்தல். விளிம்பு வரிசையை நகலெடுத்தால் முடி கோடுகோடாக மேலே இழுபடும், ஒரே நிறத்தை இட்டால் பட்டை போட்டதுபோல் தெரியும். மேற்புறம் சேர்ப்பதை நான் முற்றாகக் கைவிட்டுவிட்டேன்.

எனக்குச் சரியாக அமைந்தது முதலிரண்டையும் சேர்த்த வழி. முதலில் 1.7 மடங்கு வரை சுருக்கலாம், அதற்குக் கீழே சுருக்கக் கூடாது. அப்போதும் வெளியே நின்றால் எஞ்சியதை நகர்த்த வேண்டும்.

```python
def square(box, W, H):
    x, y, w, h = box
    m = max(w, h)
    cx, cy = x + w / 2, y + h / 2
    room = 2 * min(cx, W - cx, cy, H - cy)
    side = max(1.7 * m, min(2.2 * m, room))
    side = int(min(side, W, H))
    left = int(min(max(cx - side / 2, 0), W - side))
    top = int(min(max(cy - side / 2, 0), H - side))
    return left, top, side
```

படித்துறைப் படத்துக்கு இது பக்கத்தை 544 என்று தருகிறது. மேல் எல்லை −22 ஆகவேண்டிய இடத்தில் 0 ஆகிறது, இட எல்லை 368. முகத்தின் நடு மேலிருந்து 46 விழுக்காட்டில் நிற்கிறது. 256 பிக்சல் அவதாரில் இந்த விலகல் ஏறத்தாழ 10 பிக்சல்தான், 64 பிக்சலில் காட்டும்போது மூன்றுக்கும் குறைவு. பார்ப்பவர் எவரும் நடுவில் இல்லை என்று சொல்லமாட்டார்.

ஸ்டுடியோவில் எடுத்த பாஸ்போர்ட் படத்தில் இடமே இல்லையே, அதற்கு என்ன வழி?

இங்குதான் சேர்த்தல் உதவுகிறது, மேற்புறம் அன்று, பக்கவாட்டில். 35×45 மில்லிமீட்டர் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் வருடினால் 413×531 பிக்சல் வரும். முகக் கட்டத்தின் உயரம் 290 என்று கொள்வோம். 1.7 மடங்கு 493 ஆகிறது, படத்தின் அகலமோ 413. மேலே உள்ள செயல்முறை 413-இலேயே நின்றுவிடும். அது 1.42 மடங்குதான், வட்டமாக்கும்போது முடியின் உச்சி போய்விடும்.

ஸ்டுடியோப் படத்தின் பின்னணி ஒரே நிறத்தில் இருப்பதால், வெட்டுவதற்கு முன் இடமும் வலமும் 40 பிக்சல் வீதம் `cv2.BORDER_REPLICATE` கொண்டு நீட்டினால் தலைக்கு இருபுறமும் சேர்ந்தது தெரிவதே இல்லை. தோள்பட்டை விளிம்பைத் தொடும் இடத்தில் சட்டையின் நிறம் பக்கவாட்டில் நீளும். தோள் தானே அகன்றதுபோல் அது இயல்பாகவே தெரியும். நீட்டிய பிறகு முகக் கட்டத்தின் இட எல்லையோடும் அதே 40-ஐக் கூட்ட மறக்காதீர்கள்.

பின்னணி ஒரே நிறமா என்பதை மேல் பாதியில் இரண்டு ஓரங்களிலும் பத்து நெடுவரிசைகளை எடுத்து `cv2.meanStdDev` கொண்டு பார்க்கலாம். திட்ட விலக்கம் சிறிதாக இருந்தால் மட்டும் நீட்டுங்கள். தென்னந்தோப்பைப் பின்னால் கொண்ட படத்தை நீட்டினால் ஓலைகள் பட்டுச்சேலைக் கரையைப் போல நேர்கோடுகளாகிவிடும்.

படத்தில் இரண்டு மூன்று முகங்கள் இருந்தால், பெரியதை எடுத்துக்கொண்டால் சரிதானே?

பெரும்பாலும் சரி, ஆனால் தவறும் இடத்தில் அது பொறுக்க முடியாத தவறாகிவிடுகிறது. முன்னாள் மாணவர் ஒருவர் தம் வீட்டுக் கூடத்தில் நின்று எடுத்த படத்தை அனுப்பியிருந்தார். அவர் தலைக்குப் பின்னால் சுவரில், மாலையிட்டுக் குங்குமம் வைத்த அவருடைய தந்தையாரின் பெரிய படம் இருந்தது. அது நேராகப் பார்க்கும் ஸ்டுடியோப் படம், நல்ல வெளிச்சம், உறுதி மதிப்பும் அதற்கே அதிகம். கட்டத்தின் பரப்பும் சற்றே கூடுதல். நான் எழுதிய நிரல் மறைந்த தந்தையாரின் முகத்தை மகனுடைய பெயருக்கு மேலே வைத்துவிட்டது. பட்டியல் வெளியான அன்று மாலை அவருடைய தாயார் அதைப் பார்த்திருக்கிறார். அந்தத் தொலைபேசி அழைப்புக்குப் பிறகே இந்தக் கேள்வியை நான் சரியாக யோசித்தேன்.

நம் ஊரில் பின்னணியில் முகங்கள் நிறைந்திருக்கின்றன. வண்ணார்பேட்டைச் சாலையோரத்தில் நின்றால் பூப்புனித நீராட்டு விழாவுக்கோ திருமணத்துக்கோ வைத்த பிளக்ஸ் பேனரில் ஆளைவிடப் பெரிய முகங்கள் இருக்கும். கோயில் முன் நின்றால் கோபுரத்துச் சுதைச் சிற்பங்களைக்கூடச் சில வேளைகளில் முகம் என்று எடுக்கும். பரப்பை மட்டும் பார்த்து இவற்றை விலக்க முடியாது, உறுதி மதிப்பும் உதவாது, ஏனெனில் அவையும் முகங்களே.

பரப்பை, முகம் படத்தின் நடு நெடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதோடு சேர்த்து எடைபோடுவது ஓரளவு உதவும், ஏனெனில் படம் எடுப்பவர் ஆளைத்தான் நடுவில் நிறுத்துகிறார். ஆனால் என் முடிவு வேறு. இரண்டாவது முகத்தின் பரப்பு முதலாவதன் பரப்பில் பாதிக்கு மேல் இருந்தால், நிரல் தானே தேர்ந்தெடுக்கக் கூடாது. அந்தப் படத்தைத் தனிக் கோப்புறையில் போட்டு ஒரு மனிதர் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவதார் இல்லாமல் பெயரின் முதலெழுத்து மட்டும் ஒரு வாரம் நிற்பது எவரையும் புண்படுத்தாது.

கட்டம் சரியாக முகத்தின் மேல் விழுகிறது, ஆனால் வெட்டி வந்தது வெறும் சுவர். ஏன்?

படத்தைத் திருப்பிப் படிக்கும் இடமும் திருப்பாமல் படிக்கும் இடமும் உங்கள் நிரலில் கலந்துவிட்டன. கைபேசி, படத்தை நிமிர்த்திச் சேமிப்பதற்குப் பதிலாக, கிடையாகவே சேமித்து “இதை 90 பாகை திருப்பிக் காட்டு” என்னும் குறிப்பைப் படக் கோப்புக்குள்ளேயே இருக்கும் எக்சிஃப் என்னும் தகவல் பகுதியில் எழுதிவைப்பது வழக்கம். `cv2.imread` இயல்பாக அந்தக் குறிப்பை மதித்துத் திருப்பிவிடும். ஆனால் `cv2.IMREAD_UNCHANGED` கொடுத்தால் திருப்பாது. பில்லோ நூலகத்தின் `Image.open` தானாகத் திருப்பாது. ஒன்றில் கண்டறிந்து மற்றொன்றில் வெட்டினால் எண்கள் வேறு படத்துக்கு உரியனவாகிவிடும்.

இதைக் கண்டுகொள்வது எளிது. இரண்டு இடங்களிலும் அகல உயரத்தை அச்சிட்டுப் பாருங்கள். ஓரிடத்தில் 3024×4032 என்றும் மற்றோரிடத்தில் 4032×3024 என்றும் வந்தால் இதுவே காரணம். முழு வேலையையும் ஓப்பன்சிவியிலேயே முடியுங்கள், அல்லது பில்லோவில் `ImageOps.exif_transpose` கொடுத்த பிறகே எதையும் தொடங்குங்கள்.

முகம் தெளிவாகத் தெரிகிறது, ஆனாலும் ஒன்றுமே கிடைக்கவில்லை என்கிறதே?

முதலில் படம் நிமிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய ஆல்பத்திலிருந்து வருடிய படங்களில் எக்சிஃப் குறிப்பே இருக்காது, வருடியவர் எப்படி வைத்தாரோ அப்படியே இருக்கும். `cv2.rotate` கொண்டு நான்கு பக்கமும் திருப்பிக் கண்டறிந்து, எதில் உறுதி மதிப்பு அதிகமோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

நிமிர்ந்திருந்தும் கிடைக்கவில்லை என்றால் பெரும்பாலும் வெளிச்சமே காரணம். எங்கள் பக்கம் நண்பகலில் திண்ணை நிழலில் ஆளை நிறுத்தி, வெயில் கொளுத்தும் தெருவைப் பின்னணியாக வைத்து எடுத்த படங்கள் ஏராளம். கேமரா தெருவுக்கு ஏற்ப ஒளியைக் குறைத்துக்கொள்ள, முகம் கருநிழலாகிவிடுகிறது. நம் கண் அதைச் சரிசெய்து பார்த்துவிடும், மாதிரியால் முடியாது. கண்டறிவதற்கான சிறிய நகலில் மட்டும் `cv2.createCLAHE` கொண்டு ஒளி வேறுபாட்டைக் கூட்டினால் பல முகங்கள் கிடைக்கும். அந்த நகலை வெளியிடக் கூடாது, அதில் தோலின் நிறம் சாம்பல் பூத்துவிடும். அவதாரை மூலப் படத்திலிருந்தே வெட்டுங்கள்.

உறுதி மதிப்பின் எல்லை இயல்பாக 0.9 என்று இருக்கிறது. நான் 0.7-இல் தொடங்கி, எதுவும் கிடைக்காதபோது மட்டும் 0.5 வரை இறங்குகிறேன், அப்படிக் கிடைத்தவற்றைக் கட்டாயம் கண்ணால் பார்க்கிறேன். அதற்குப் பிறகும் இல்லையென்றால், நெடும்படமாக இருந்தால் அகலமளவு சதுரத்தை மேற்புறத்தை ஒட்டியும், கிடைப்படமாக இருந்தால் நடுவிலும் வெட்டி, அதையும் பார்வைக்கு ஒதுக்கிவிடுவதே முறை.

கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்திருக்கிறேன், விண்டோஸில் திறக்க மறுக்கிறது.

`cv2.imread` அங்கே அத்தகைய பெயர்களைத் திறக்க முடியாமல், பிழையும் சொல்லாமல், `None` என்று திருப்பிவிடும். கோப்பின் உள்ளடக்கத்தைப் பைட்டுகளாகப் படித்துப் பின்னர் படமாக்கினால் போதும். பெயரை மாற்ற வேண்டியதில்லை.

```python
img = cv2.imdecode(np.fromfile(path, np.uint8), cv2.IMREAD_COLOR)
```

சேமிக்கும்போது இதே சிக்கல் `imwrite`-இலும் வரும். அங்கே `cv2.imencode` கொண்டு பைட்டுகளாக்கி `tofile` கொண்டு எழுதுங்கள்.

எந்த அளவில் சேமிப்பது நல்லது?

256 பிக்சல் போதும், சுருக்கும்போது `cv2.INTER_AREA` கொடுங்கள். மற்ற வழிகளில் சுருக்கினால் முடியும் சேலைக் கரையும் நொறுநொறுவென்று தெரியும். வெட்டிய சதுரம் 256-ஐவிடச் சிறியதாக இருந்தால் பெரிதாக்காமல் அப்படியே விடுங்கள். `imwrite` எழுதும் புதிய கோப்பில் பழைய எக்சிஃப் இருக்காது என்பது இங்கே நன்மை, ஏனெனில் சிலருடைய படங்களில் எடுத்த வீட்டின் இருப்பிடக் குறியீடு அதற்குள் இருக்கும். எழுதிய அவதாரை மட்டும் வெளியிடுங்கள், மூலப் படத்தைத் தளத்தில் ஏற்றாதீர்கள்.

இது யாருடைய முகம் என்று கண்டுபிடித்துச் சேமித்துவைக்கிறதா?

இல்லை. முகம் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. எல்லாம் உங்கள் கணினியிலேயே நடக்கிறது, மாதிரிக் கோப்பைப் பதிவிறக்கிய பிறகு இணையத் தொடர்பு தேவையில்லை. படம் தரத் தயங்கும் பெரியவர்களிடம் இதை நேரில் விளக்குங்கள்.

நூற்றுக்கணக்கான படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து சரிபார்க்க முடியுமா?

திறக்க வேண்டியதில்லை. வெட்டிய அவதார்களைப் பத்துக்குப் பத்தாக ஒரே தாளில் அடுக்கி, வட்ட முகமூடியும் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் பெயரை இட்டுப் பாருங்கள். `np.hstack`, `np.vstack` இரண்டும் அடுக்குவதற்குப் போதும், ஆனால் எல்லாத் துண்டுகளும் ஒரே அளவில் இருக்க வேண்டும். பெயரை மட்டும் பில்லோவில் எழுதுங்கள், ஏனெனில் ஓப்பன்சிவியின் `putText` தமிழ் எழுத்துகளைக் கேள்விக்குறிகளாக்கிவிடும். வெட்டுப்பட்ட உச்சி, சுவர், பூதாகர முகம் ஆகியவை அந்தத் தாளில் உடனே கண்ணில் உறுத்தும்.

ஆனால் தந்தையின் முகம் மகன் பெயரில் இருப்பது போன்ற தவறு அப்படி உறுத்தாது, ஏனெனில் வெட்டில் எந்தக் குறையும் இருக்காது. அதைக் கண்டுபிடிக்க அந்த ஆட்களை அறிந்தவர் பார்க்க வேண்டும். நாங்கள் ஒவ்வோர் ஆண்டு அணிக்கும் ஒரு தாளை அச்சிட்டு, அந்த அணியில் படித்த ஒருவரிடம் கொடுத்து, சரியில்லாதவற்றைச் சுழித்துத் தரச் சொல்கிறோம். தாள் திரும்பி வந்த பிறகே அந்த அணியின் படங்கள் பட்டியலில் ஏறுகின்றன.